கத்திரி வெயிலில் பழைய பைக்குக்கு எந்த ஆயில்: டப்பாவின் மேல் உள்ள எண்களைப் படிக்கும் முறை

காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் இடையில் நான் தினமும் ஓட்டிச் செல்வது என் அம்மான் 1998-இல் வாங்கிய 100 சிசி நான்கு ஸ்ட்ரோக் பைக். சென்ற ஆண்டு கத்திரி தொடங்கிய வாரத்தில் ஆயில் மாற்றக் கொடுத்தபோது, விலை கூடியது என்பதனாலேயே நல்லது என்று சொல்லி, 5W-30 என்று அச்சிட்ட முழு சிந்தெடிக் கார் ஆயிலை ஊற்றிக் கொடுத்தார்கள். நானும் கேள்வி கேட்காமல் வாங்கி வந்துவிட்டேன். மூன்றாம் நாள், உச்சி வெயிலில் ஆளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டிக்குப் போனபோது, முறுக்கினால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறியதே தவிர வண்டி வேகம் எடுக்கவில்லை. கோவில் வாசலில் நிறுத்தும் நேரத்தில் டேப்பெட் சத்தம் தையல் மெஷின்போலக் கேட்டது. அந்த டப்பாவின் மேல் இருந்த எண்களையும் எழுத்துகளையும் அன்றைக்கே எனக்குப் படிக்கத் தெரிந்திருந்தால், அதை ஊற்ற விட்டிருக்க மாட்டேன். அவற்றை எப்படிப் படிப்பது, நம் ஊர் வெயிலுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை, முதன்முறையாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு வரையறை. இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே ஆயிலில் நனைந்து ஓடும் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளைப் பற்றியே பேசுகிறேன். நம் பக்கத்தில் ஓடும் பழைய 100, 125, 150 சிசி வண்டிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். பெட்ரோலோடு ஆயில் சேர்த்து எரிக்கும் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு இது பொருந்தாது. பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் கியர் பெட்டிக்குத் தனி ஆயில் என்பதால் அதற்கும் இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் வண்டி கேட்பது என்ன என்று பாருங்கள்

வண்டியோடு வந்த கையேட்டில் ஆயில் கிரேடும் அளவும் அச்சிடப்பட்டிருக்கும். கையேடு கரையான் அரித்துப் போயிருந்தால், இன்ஜினின் வலப்பக்கத்து மூடியில் ஆயில் ஊற்றும் வாயருகே அளவு பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அதே மாடலின் கையேட்டை இணையத்தில் தேடிப் பிடிக்கலாம். என் வண்டிக்கு 20W-40 என்றும், ஆயில் மாற்றும்போது 800 மில்லி என்றும் இருந்தது. மற்ற யோசனைகளெல்லாம் இந்த ஒரு குறிப்பிலிருந்து தொடங்க வேண்டியவை. ஏனெனில் இன்ஜினுக்குள் பாகங்களுக்கு நடுவே விட்ட இடைவெளியும், ஆயில் பம்பின் அளவும், ஆயில் ஓடும் துளைகளின் அகலமும் அந்தக் கிரேடை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டவை.

இரண்டு எண்கள் சொல்வது என்ன

ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் தயக்கத்தைப் பாகுநிலை என்கிறோம். மனகோலத்துக்குக் காய்ச்சிய வெல்லப் பாகு சட்டியில் சூடாக இருக்கும்போது கரண்டியிலிருந்து நூலாக ஓடும். அதையே இறக்கி ஆறவிட்டால் கரண்டியை விட்டு வர மனமில்லாமல் நகரும். ஆயிலும் அப்படித்தான். குளிர்ந்தால் தடிக்கும், சூடானால் மெலியும். எந்த ஆயிலும் சூட்டில் தடிப்பதில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், 20W-40 ஆயில் குளிரில் 20 ஆகவும் சூட்டில் 40 ஆகவும் தடிமனாகிறது என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகளே சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மை வேறு. இரண்டும் இரண்டு தனித்தனிச் சோதனைகளின் பெயர்கள். பள்ளியில் கணக்குக்கும் தமிழுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுவதைப் போன்றது.

W என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னால் வரும் எண், உறைபனிக் குளிரில் இன்ஜினைச் சுழற்றிக் கிளப்ப முடியுமா என்று பார்க்கும் சோதனையைச் சேர்ந்தது. 20W ஆயிலை அந்தச் சோதனையில் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி செல்சியஸில் சோதிக்கிறார்கள். 10W ஆயிலை பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரியில். மார்கழிப் பனியில் ஆச்சி கம்பளியைப் போர்த்திக்கொண்டு முகப்பில் உட்கார்ந்திருக்கும் காலையிலும் செட்டிநாட்டில் வெப்பநிலை அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே முதல் எண் சிறியதாக இருப்பதற்காக நாம் கூடுதல் பணம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

நமக்கு வேண்டியது இரண்டாவது எண். அது 100 டிகிரி செல்சியஸில் ஆயில் எவ்வளவு பாகாக நிற்கிறது என்பதைச் சொல்கிறது. சென்டிஸ்டோக் என்ற அலகில் அளந்தால், 30 கிரேடு 9.3-க்கும் 12.5-க்கும் இடையில் நிற்கும். 40 கிரேடு 12.5-க்கும் 16.3-க்கும் இடையில், 50 கிரேடு 16.3-க்கும் 21.9-க்கும் இடையில். இந்த எல்லைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு கிரேடுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வித்தியாசம் இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது அடுத்த பகுதிக்குத் தேவைப்படும்.

வெயில் எவ்வளவு மெலிய வைக்கிறது

காற்றால் குளிரும் இன்ஜின், தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட எப்போதும் குறிப்பிட்ட அளவு சூடாகவே ஓடும். ஆகவே வெளிக்காற்று 25 டிகிரியாக இருந்த ஒரு தை மாதக் காலையில் ஆயில் 100 டிகிரியில் நின்றது என்றால், அதே சாலையில் அதே வேகத்தில் 40 டிகிரி வெயிலில் போகும்போது அது ஏறத்தாழ 115 டிகிரியை எட்டும். இரண்டு பேர் ஏறினாலும், காரைக்குடி கல்லுக்கட்டிக் கடைவீதி நெரிசலில் ஊர்ந்தாலும் இன்னும் ஏறும்.

இந்த 15 டிகிரி சிறியதுபோலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 டிகிரியில் 14 சென்டிஸ்டோக் உள்ள வழக்கமான ஒரு 20W-40 ஆயில், 115 டிகிரியில் சுமார் 10-க்கு இறங்கிவிடும். அதாவது அந்த வெயிலில் 40 கிரேடு ஆயில், தை மாதத்தில் 30 கிரேடு ஆயில் இருந்திருக்கும் நிலையில்தான் இருக்கிறது. 100 டிகிரியில் பத்தரையாக இருக்கும் 30 கிரேடு ஆயிலை ஊற்றியிருந்தால் அதே சூட்டில் எட்டுக்கும் கீழே போயிருக்கும். 20W-50 ஊற்றியிருந்தால் 13-க்குப் பக்கத்தில் நிற்கும்.

என் வண்டியில் அன்றைக்கு நடந்ததில் ஒரு பாதி இதுதான். 27 வருடம் ஓடித் தேய்ந்து இடைவெளி கூடிப்போன, இன்ஜின் தலையில் வால்வுகளைத் திறந்து மூடும் ராக்கரிலும் கேமிலும், 30 கிரேடு ஆயிலின் படலம் அந்தச் சூட்டுக்குத் தாங்கவில்லை. இரும்பின் மேல் இரும்பு தட்டும் சத்தமே டேப்பெட் சத்தமாக வெளியே கேட்டது.

அப்படியானால் எல்லாரும் 20W-50 ஊற்றிவிடலாமே என்று தோன்றும். நான் அதை முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன். காலையில் 28 டிகிரியில் வண்டியைக் கிளப்பும்போது 20W-40 ஆயில் 230 சென்டிஸ்டோக் அளவில் இருக்கிறது என்றால், 20W-50 முந்நூறைத் தாண்டி இருக்கும். தடித்த ஆயில் மேலே ராக்கர் வரை ஏறுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். சின்ன இன்ஜின் அதைக் கலக்குவதிலேயே சக்தியை இழந்து மைலேஜும் குறையும். வண்டி கேட்பது 20W-40, இன்ஜின் நல்ல நிலையில் இருக்கிறது, ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள் என்றால் கத்திரியிலும் 20W-40 போதும். கையேடு 10W-30 கேட்கும் சற்றே புதிய வண்டியில், அதே கையேட்டில் வெப்பத்துக்கேற்ற கிரேடு அட்டவணை இருந்தால், அது அனுமதிக்கும்வரை மட்டும் ஏறுங்கள்.

20W-50 பொருத்தமாகிற இடம் வேறு. நன்றாகச் சூடேறிய பிறகு மட்டும் டேப்பெட் சத்தம் கூடுவது, சரியான இடைவெளிக்கு டேப்பெட்டைச் சரிசெய்த பின்பும் அது குறையாமலிருப்பது, 500 கிலோமீட்டருக்குள் ஆயில் மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்குவது ஆகிய மூன்றும் சேர்ந்து இருந்தால், கோடை மாதங்களுக்கு ஒரு கிரேடு ஏறுவதில் நியாயம் உண்டு. ஆனால் முறுக்கும்போதெல்லாம் நீலப் புகை விடாமல் வருகிறது என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதைத் தடித்த ஆயில் சில மாதம் மறைக்கும்; சரிசெய்யாது.

பேஸ் ஆயில்: டப்பாவின் முகப்பில் உள்ள வார்த்தைக்குப் பின்னால்

ஆயிலில் பெரும்பகுதி பேஸ் ஆயில் எனப்படும் மூல எண்ணெய். மீதி அதில் சேர்க்கும் ரசாயனங்கள். பேஸ் ஆயிலை உலக அளவில் ஐந்து பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் இரண்டும் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பவை. கடையில் மினரல் என்று விற்பது இவற்றைத்தான். மூன்றாவதும் கச்சா எண்ணெயிலிருந்தே வருவது, ஆனால் ஹைட்ரஜனைக் கொண்டு மூலக்கூறு அமைப்பையே மாற்றுமளவுக்குப் பக்குவப்படுத்தப்பட்டது. நான்காவது, பாலிஆல்ஃபா ஓலிஃபின் என்ற, ஆலையில் கட்டி உருவாக்கிய எண்ணெய். எஸ்டர் உட்பட மற்றவை ஐந்தாவது. இதில் புதியவர்கள் அறிய வேண்டியது, முழு சிந்தெடிக் என்று எழுதிய டப்பாவுக்குள் மூன்றாம் பிரிவு மட்டுமேகூட இருக்கலாம் என்பதும், செமி சிந்தெடிக் என்ற சொல் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்வதில்லை என்பதும்தான்.

இந்தப் பிரிவுகளுக்கும் வெயிலுக்கும் உள்ள தொடர்பு, பாகுநிலைக் குறியீடு என்ற இன்னொரு எண்ணில் இருக்கிறது. சூடு ஏற ஏற ஆயில் எவ்வளவு மெதுவாக மெலிகிறதோ அவ்வளவு உயர்ந்தது அந்த எண். முதல் இரண்டு பிரிவுகளுக்கு அது 80 முதல் 119 வரை; மூன்றாம் பிரிவுக்கு 120-இல் தொடங்குகிறது. டப்பாவில் இதைப் போடமாட்டார்கள். தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த ஆயிலுக்கான விவரத்தாளில் இருக்கும். ஆனால் அங்கே தருவது சேர்மானங்களெல்லாம் கலந்த பிறகு கிடைத்த எண் என்பதால், பேஸ் ஆயிலின் எண்ணைவிடக் கூடுதலாக இருக்கும்.

அந்தச் சேர்மானங்களில் ஒன்று பழைய வண்டிக்காரர்களுக்கு மிக முக்கியமானது. மினரல் எண்ணெயை வைத்து, குளிரிலும் ஓட வேண்டும் சூட்டிலும் நிற்க வேண்டும் என்று இரண்டு எண்களையும் எட்டுவதற்கு, பாலிமர் எனப்படும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைக் கலக்கிறார்கள். குளிரில் அவை சுருண்டு ஒடுங்கியிருக்கும். சூட்டில் விரிந்து ஆயில் மெலிவதைத் தடுக்கும். இரண்டு எண்களுக்கும் இடைவெளி கூடக் கூட இந்தப் பாலிமரும் கூட வேண்டும், அல்லது பேஸ் ஆயில் உயர்ந்ததாக வேண்டும். கார் இன்ஜினில் பாலிமருக்குப் பெரிய தொல்லை இல்லை. நம் பைக்கிலோ அதே ஆயில் கியர் பற்களுக்கு நடுவிலும் போகிறது. பல்லும் பல்லும் கடிக்கும் இடத்தில் அந்தச் சங்கிலிகள் நறுக்கப்படுகின்றன. 40 என்று ஊற்றிய ஆயில் இரண்டாயிரம் கிலோமீட்டரில் 30-க்கு இறங்கிவிடக்கூடும். நறுங்கிய சங்கிலி மீண்டும் ஒட்டுவதில்லை. புது ஆயிலில் சொகுசாக விழுந்த கியர் சில வாரங்களில் கடினமாவதற்கும், நியூட்ரல் தேடி மிதிக்க வேண்டியிருப்பதற்கும் இது ஒரு காரணம்.

ஆகவே மினரல் வாங்குவதென்றால் எண்களுக்கு நடுவே இடைவெளி குறைவாக உள்ள 20W-40 வாங்குங்கள். அதில் பாலிமர் குறைவு, நறுக்கப்படுவதும் குறைவு. 10W-40 வேண்டுமென்றால் நல்ல சிந்தெடிக் பேஸ் ஆயிலில் வாங்குங்கள்.

இருபது முப்பது வருட வண்டிக்கு எது என்று கேட்டால், என் தீர்ப்பு மினரல் 20W-40, அதைச் சீக்கிரமே மாற்றிவிடுவது. சிந்தெடிக் ஆயில் சூட்டில் கெடாமல் அதிக நாள் தாங்கும் என்பது உண்மைதான். சூடு பத்து டிகிரி ஏறினால் ஆயில் காற்றோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு, அந்த இடத்தில் சிந்தெடிக்கின் தாங்கும் திறன் பெரிது. ஆனால் வருடக்கணக்கில் மினரலில் ஓடி, ஆயில் சீல்கள் இறுகிப்போய், இடுக்குகளில் படிந்த பிசுக்கே அடைப்பாக நின்று கசிவைத் தடுத்துக்கொண்டிருக்கும் இன்ஜினில், புதிதாகச் சிந்தெடிக் ஊற்றினால் அந்தப் பிசுக்கு கரைந்து கசிவு தொடங்குவதைக் கண்டிருக்கிறேன். இன்ஜினை முழுதாகப் பிரித்து சீல்களைப் புதிதாகப் போட்ட வண்டிக்கு இந்தத் தயக்கம் வேண்டாம். மதுரைக்கும் திருச்சிக்கும் அடிக்கடி நெடுந்தூரம் போகிறவர் என்றால் அதற்குப் பிறகு செமி சிந்தெடிக்குக்கு மாறலாம்.

கிளட்சுக்கான எழுத்து

என் வண்டி வேகம் எடுக்காமல் போனதற்குக் காரணம் பாகுநிலை அல்ல. கார் ஆயில்களில், குறிப்பாக மெல்லிய கிரேடுகளில், எரிபொருளை மிச்சப்படுத்த வழுக்கும் ரசாயனம் சேர்ப்பதுண்டு. காரின் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருக்கிறது. நம் கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கின்றன. அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டிய இடத்தில் வழுக்கிவிடும்.

இதைத் தவிர்க்க, ஜாசோ என்ற ஜப்பானியத் தர அமைப்பின் குறியைப் பாருங்கள். டப்பாவின் பின்பக்கம் சிறு கட்டத்துக்குள் எம்ஏ, எம்ஏ1, எம்ஏ2 என்ற மூன்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது. எம்ஏ2 அதிகப் பிடிப்புள்ளது. எம்பி என்றிருந்தால் அது கிளட்ச் ஆயிலில் நனையாத கியர் இல்லா ஸ்கூட்டருக்கானது, அதை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுங்கள். குறியே இல்லையென்றால் கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள்.

மாற்றும் வேலை

வண்டியை மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டி, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது சமதளத்தில் நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நம் ஊர்ச் செம்மண் தூசி ஆயில் மூடியைச் சுற்றிப் பொடியாகப் படிந்திருக்கும். மூடியைத் திறக்குமுன் அதை ஈரத் துணியால் துடையுங்கள், இல்லையென்றால் அத்தனையும் உள்ளே விழும். அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைச் சரியான அளவு ஸ்பேனரால் கழற்றி, பத்து நிமிடம் முழுவதும் வடியவிடுங்கள். வடிந்ததை விரலில் எடுத்து வெயிலில் காட்டிப் பாருங்கள். கறுப்பாக இருப்பது இயல்பு. வெள்ளிபோல் மின்னும் பொடி நிறைய இருந்தால் அலுமினியம் தேய்கிறது. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். வாஷரைப் புதிதாகப் போட்டு போல்ட்டை இறுக்குங்கள். மரை அலுமினியத்தில் இருப்பதால் பலம்கொண்ட மட்டும் இறுக்கினால் வழுக்கிவிடும்.

கையேட்டில் உள்ள அளவை முழுவதும் ஒரேயடியாக ஊற்றாமல், என் வண்டிக்கு 800 என்றால் முதலில் 750 மில்லி ஊற்றி, மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து அளவுக்குச்சியால் பாருங்கள். என் வண்டியில் குச்சியைத் திருகாமல் வாயில் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் மட்டம் பொய்யாகக் கூடுதலாகத் தெரியும். உங்கள் வண்டிக்கு எப்படி என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மேல் கோட்டைத் தாண்ட ஊற்றாதீர்கள். வடித்த ஆயிலை ஊருணிக் கரையிலோ வாய்க்காலிலோ கொட்டாமல், டப்பாவில் அடைத்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

என் வண்டியில் அந்தக் கார் ஆயிலை வடித்துவிட்டு, எம்ஏ2 குறியுள்ள மினரல் 20W-40 ஊற்றினேன். டேப்பெட் சத்தம் அன்றைக்கே அடங்கியது. கிளட்ச் வழுக்கல் உடனே போகவில்லை, பிளேட்டுகள் பழைய ஆயிலைக் குடித்திருந்தன. 500 கிலோமீட்டரில் மறுபடியும் ஒருமுறை வடித்துப் புது ஆயில் ஊற்றிய பிறகுதான் பிடிப்பு முழுதாகத் திரும்பியது. இப்போது கோடையில் 2000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், மற்ற மாதங்களில் 2500-க்கு ஒருமுறையும் மாற்றுகிறேன்.

வெளியூரில் இருந்துகொண்டு, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வந்து வளவில் நிற்கும் வண்டியை எடுக்கிறவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. மாதக்கணக்கில் நின்று, எப்போதாவது கடைவீதிவரை மட்டும் ஓடும் இன்ஜின் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. எரிப்பில் உண்டாகும் நீராவி வெளியேறாமல் ஆயிலில் தங்கிவிடும். மூடியைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள். அங்கே மோரில் கடைந்தெடுத்தது போன்ற வெளிறிய நுரைப் பசை ஒட்டியிருந்தால், மீட்டரில் 300 கிலோமீட்டர்தான் காட்டினாலும் அந்த ஆயிலோடு வண்டியைக் கிளப்பாதீர்கள், முதலில் வடித்துவிடுங்கள். பசை இல்லாவிட்டாலும் அப்படிப்பட்ட வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுவது நல்லது.